நாற்பது நாள் கணக்கு

புரோபயாடிக் டப்பா எதைக் கையில் எடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய எண். ஐந்து பில்லியன், பத்து பில்லியன், ஐம்பது பில்லியன். நம் கணக்கில் ஒரு பில்லியன் என்பது நூறு கோடி. ஆக, ஐம்பது பில்லியன் டப்பாவில் ஒரு கேப்ஸ்யூலுக்கு ஐயாயிரம் கோடி பாக்டீரியா. மருந்துக்கடை அண்ணன் என் முன்னால் மூன்று டப்பாவை வைத்துவிட்டு, "இதுலதான் சார் கவுண்ட் ஜாஸ்தி" என்று விலை கூடியதைத் தள்ளினார். மொபைல் வாங்கும்போது ரேம் எவ்வளவு என்று கேட்கிற பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த வாதம் சட்டென்று பிடித்துப்போகும். எனக்கும் தொழில் அதுதான். ஆனாலும் அந்த எண்ணைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது.

அயர்லாந்தின் கார்க் நகரத்து ஆய்வாளர்கள் கண்டெடுத்த ஒரு பாக்டீரியா உண்டு. பெயர் பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் 35624. இப்போது லாங்கம் என்ற இனத்தில் சேர்த்துவிட்டார்கள், எண் மட்டும் மாறவில்லை. 2006ஆம் ஆண்டு பீட்டர் வோர்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவரின் குழு, ஐ.பி.எஸ். உள்ள 362 பெண்களுக்கு இதை நான்கு வாரம் கொடுத்த ஆய்வை வெளியிட்டது. மூன்று அளவுகள்: பத்து லட்சம், பத்துக் கோடி, ஆயிரம் கோடி. நான்காவது அணிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பத்துக் கோடி வாங்கிய அணிக்கு வலியும் உப்புசமும் குறைந்தன. ஒட்டுமொத்த நிவாரணம் சொன்னவர்கள் வெறும் மாத்திரை அணியைவிட இருபது சதவீதத்துக்கும் மேல் அதிகம். அதைவிட நூறு மடங்கு வாங்கிய ஆயிரம் கோடி அணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்று பிறகு பார்த்தால், அவ்வளவு அடர்த்தியாக அடைத்த பொடி ஈரம் பட்டதும் பசை போலக் கெட்டியாகி, கரையாமல் நின்றிருக்கிறது. அத்தனை கோடியும் கேப்ஸ்யூலுக்குள் மாட்டிக்கொண்டு வந்த வழியே போயிருக்கும்.

இந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. பலன் வந்தது 'பிஃபிடோபாக்டீரியத்துக்கு' அல்ல, 35624 என்ற ஸ்ட்ரெயினுக்கு. பாக்டீரியாவின் பெயரில் மூன்று பகுதி உண்டு: பேரினம், இனம், ஸ்ட்ரெயின். முதல் இரண்டையும் ஊர், தெரு என்று வைத்துக்கொண்டால் மூன்றாவதுதான் கதவு எண். ஒரே இனத்தின் இரண்டு ஸ்ட்ரெயின்கள் குடலில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். ஒன்றை வைத்து நடத்திய ஆய்வு மற்றதற்குச் சாட்சியாகாது. என் முன்னால் இருந்த மூன்று டப்பாக்களில் இரண்டில் கதவு எண்ணே இல்லை. ஒன்றில் பதினான்கு இனங்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக இருந்தன. அவற்றுள் எது எந்த ஆய்வில் எதற்கு உதவியது என்று தேடக்கூட வழியில்லை.

அதே டப்பாவில் பொடி எழுத்தில் 'ஃப்ரக்டோ ஆலிகோசாக்கரைடு' என்று ஒரு வரி. பாக்டீரியாவுக்குத் தீனியாகச் சேர்க்கிற சர்க்கரை வகை இது. ப்ரீபயாடிக் என்று பெருமையாகவே போடுவார்கள். வெங்காயம், பூண்டில் இருப்பதும் இதே குடும்பம்தான். நம்மால் செரிக்க முடியாமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே நொதித்து வாயுவாகும். சாதாரண வயிற்றுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஐ.பி.எஸ். வயிற்றில் உப்புசத்தைக் கிளப்பக்கூடிய பொருட்களின் பட்டியலில் முன்வரிசையில் இருப்பது. கேப்ஸ்யூலில் சேர்க்கிற அளவு சின்னதுதான், தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற சாஷேயில் கூடுதலாக இருக்கலாம். எப்படியானாலும், எதைக் குறைக்க மருந்து எடுக்கிறோமோ அதைக் கூட்டக்கூடிய ஒன்று அதே டப்பாவில் இருந்தால், பிறகு வயிறு உப்பும்போது யாரைக் குறை சொல்வது என்று தெரியாது. அதையும் ஒதுக்கினேன்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வயிற்றில் இருப்பது ஐ.பி.எஸ். தானா? மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாகவோ, போகிற தடவையும் மலத்தின் தன்மையும் மாறுவதோடு சேர்ந்தோ இருக்க வேண்டும். ரத்தம் போவது, எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற பேதி, காய்ச்சல், ரத்தசோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாக ஆரம்பித்த தொந்தரவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் புரோபயாடிக் பேச்சே வேண்டாம், மருத்துவரிடம் போக வேண்டும். எனக்கு ரத்தப் பரிசோதனை, தைராய்டு, சீலியாக் பரிசோதனை, குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற மலப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் பேதி வகை ஐ.பி.எஸ். என்று எழுதினார். ஆறு வருடமாக ஆபீஸ் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் மூன்று தடவை போய்விட்டு வருகிறவனுக்கு அது ஒரு பெயர் கிடைத்த நிம்மதி, அவ்வளவுதான்.

அம்மா கேட்டாள்: "தயிரு மோரு குடிச்சா அதுலயே வந்துடாதா?" நியாயமான கேள்வி. வீட்டுத் தயிரிலும் உயிருள்ள பாக்டீரியா உண்டு. ஆனால் எங்கள் வீட்டு உறையில் இருப்பது பக்கத்து வீட்டு உறையில் இருக்க வேண்டும் என்பதில்லை, எங்கள் வீட்டிலேயே போன மாதம் இருந்தது இந்த மாதம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எந்த ஸ்ட்ரெயின், எவ்வளவு என்று தெரியாத ஒன்றை நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து அளந்து பார்க்க முடியாது. மோர் ஒத்துக்கொள்கிறது என்பதால் அதை எப்போதும் போலக் குடித்துக்கொண்டிருந்தேன். கணக்கில் அது மாறாத பின்னணி.

மிஞ்சியது மூன்றாவது டப்பா. லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் 299வி, ஒரே ஒரு ஸ்ட்ரெயின், ஆயிரம் கோடி. சில டப்பாக்களில் லாக்டிபிளான்டிபேசில்லஸ் என்று நாக்கு சுளுக்குகிற பெயர் இருக்கும். 2020இல் பேரினத்தைப் பிரித்துப் பெயர் மாற்றினார்கள், ஆள் அதேதான். 35624 நான் தேடிய சமயத்தில் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. 299வியை எடுத்ததற்கு இன்னொரு காரணம், அதை ஐ.பி.எஸ். உள்ள இந்தியர்களுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2012இல் வந்த அந்த ஆய்வில் 214 பேர், நான்கு வாரம், தினம் ஒரு கேப்ஸ்யூல், என் டப்பாவில் இருந்த அதே அளவு. நான்காவது வார முடிவில் மருந்து எடுத்தவர்களில் 78 சதவீதம் பேர் 'நன்று' அல்லது 'மிக நன்று' என்றார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 8 சதவீதம்.

இந்த 8தான் எனக்கு உறுத்தியது. ஐ.பி.எஸ். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வெறும் மாத்திரைக்கே சுமார் நாற்பது சதவீதம் பேர் தேவலை என்று சொல்வதுதான் வழக்கம். மாவும் சர்க்கரையும் அடைத்த மாத்திரை பத்துப் பேரில் நான்கு பேருக்கு வேலை செய்கிற நோய் இது. அங்கே மட்டும் ஏன் எட்டு? இரண்டு வருடம் கழித்துத் தென்னாப்பிரிக்காவில் அதே 299வியை 81 பேருக்கு எட்டு வாரம் கொடுத்தார்கள். வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்கக் குடல் மருத்துவர் சங்கம் 2020இல் ஐ.பி.எஸ்.ஸுக்குப் புரோபயாடிக்கை ஆய்வுகளுக்கு வெளியே கொடுக்க வேண்டாம் என்றது. பிரிட்டிஷ் சங்கம் 2021இல், எந்த ஸ்ட்ரெயின் என்று எங்களால் சொல்ல முடியாது, ஆசைப்படுகிறவர்கள் பன்னிரண்டு வாரம் வரை எடுத்துப் பார்க்கட்டும், பலன் இல்லாவிட்டால் நிறுத்தட்டும் என்றது. ஏறக்குறைய ஒரே ஆதாரக் குவியலைப் படித்துவிட்டுத்தான் இரண்டு பேரும் இப்படிச் சொல்கிறார்கள். எனக்குப் பிரிட்டிஷ்காரர்கள் சொன்னதில்தான் வழி தெரிந்தது. ஆனால் 'பலன் இல்லாவிட்டால்' என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

'இப்ப எப்படி இருக்கு?' என்று வயிற்றைக் கேட்டால் அது நேற்றைய பதிலைத்தான் சொல்லும். ஐ.பி.எஸ்.ஸின் குணமே ஏறி இறங்குவது. மருந்து வாங்க நாம் கடைக்குப் போவது ரொம்ப மோசமான வாரத்தில். மோசமான வாரத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் கொஞ்சம் பரவாயில்லாத வாரம். அந்த நல்ல பெயரை மாத்திரை தட்டிக்கொண்டு போகும். அதனால் டப்பாவை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, நாற்பது நாள் அதைத் தொடவில்லை. (ஃப்ரிட்ஜ் ஏன் என்றால், டப்பாவில் 25 டிகிரிக்குக் கீழ் என்று போட்டிருந்தது, வெளியே சென்னை மே மாதம். உலர்த்தி அடைத்த பாக்டீரியாவை வெப்பமும் ஈரமும் கொல்லும். எண்ணிக்கை தயாரித்த அன்றைக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்று டப்பாவில் பார்ப்பதும் இதற்காகத்தான்.)

அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. அதே வோர்வெல்லும் சகாக்களும் 1997இல் வெளியிட்டது. ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நூறு: வலி எவ்வளவு கடுமை, கடந்த பத்து நாளில் எத்தனை நாள் வலி (அதைப் பத்தால் பெருக்க வேண்டும்), உப்புசம் எவ்வளவு, மலம் போகிற விதத்தில் எவ்வளவு அதிருப்தி, வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது. மொத்தம் 500. 175 வரை லேசு, 300 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. 50 புள்ளி குறைந்தால் உண்மையான முன்னேற்றம் என்பது வழக்கத்தில் உள்ள விதி.

கேள்வி பத்து நாளைப் பற்றியது என்பதால் பத்து நாளுக்கு ஒரு தடவை எழுதினேன். மருந்தில்லாத நாற்பது நாளில் நான்கு எண்கள்: 275, 230, 290, 245. அந்த 290 எப்படி வந்தது என்றால் வலி 60, வலி நாட்கள் ஏழு என்பதால் 70, உப்புசம் 55, அதிருப்தி 55, பாதிப்பு 50. நான்கின் சராசரி 260. நாற்பது நாளில் வலி இருந்தவை 23 நாட்கள்.

இந்த நான்கு எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு மருந்தும் இல்லாமலேயே 290இலிருந்து 245க்கு இறங்கியிருக்கிறது. 230இலிருந்து 290க்கு ஏறியும் இருக்கிறது. அதாவது என் வயிற்றின் சொந்த ஆட்டமே 60 புள்ளி. 50 புள்ளி விதியை ஒரு ஒற்றை அளவீட்டுக்குப் போட்டால், ஒன்றும் சாப்பிடாமலேயே நான் 'மோசமாகி'யிருப்பேன், 'குணமாக'வும் ஐந்து புள்ளிதான் குறைந்திருக்கும். அதனால் விதியை இப்படி எழுதி வைத்தேன்: மருந்து எடுக்கிற நாற்பது நாளின் சராசரி, எடுக்காத நாற்பது நாளின் சராசரியைவிட 50 குறைய வேண்டும். குறைந்தாலும் அதோடு முடியாது, நிறுத்திப் பார்க்க வேண்டும். முக்கியமானது, இதை முதல் கேப்ஸ்யூலுக்கு முன்னால் எழுதிவிடுவது. பிறகு எழுதினால், வந்த எண்ணுக்குத் தகுந்தபடி விதியை வளைத்துவிடுவோம்.

நாற்பது நாள் போதுமா? நான்கு வாரமாவது எடுத்துப் பார்க்கச் சொல்வது வழக்கம், பன்னிரண்டு வாரம் என்பது உச்சம். நடுவில் நிற்கிறது என் கணக்கு. சித்த வைத்தியத்தில் ஒரு மண்டலம் 48 நாள் என்பார்கள், அதற்கும் எட்டு நாள் கம்மி. முதல் ஒரு வாரம் வாயு கூடலாம் என்பது தெரிந்ததுதான், அதற்குப் பயந்து மூன்றாம் நாளே விட்டுவிடக் கூடாது. வேறு எதையும் புதிதாக ஆரம்பிக்கவும் கூடாது. இசப்கோல், புது டயட், யோகா வகுப்பு எல்லாம் பிறகு. தாங்க முடியாத நாளில் போடுகிற மெபெவெரினைப் போடலாம், ஆனால் எத்தனை போட்டோம் என்று எழுத வேண்டும். 'மற்றவை' என்று ஒரு பத்தியும் வைத்தேன். காபி எத்தனை, கல்யாணச் சாப்பாடு, இரவு ரிலீஸ், இப்படி.

மருந்தோடு நாற்பது நாள்: 250, 215, 190, 185. சராசரி 210. வலி நாட்கள் பதினைந்து. விதிப்படி சரியாக 50 புள்ளி இறக்கம். ஆபீஸ் பஸ்ஸுக்கு ஒரே தடவையோடு கிளம்பிய காலைகள் வர ஆரம்பித்தன. மனைவிக்கு என்னைவிட சந்தோஷம். "போதும், இதையே கன்டினியூ பண்ணுங்க" என்றாள். ஒரு கேப்ஸ்யூல் முப்பது ரூபாய்க்கு மேல். மாதம் ஆயிரம், வருடம் பன்னிரண்டாயிரம். வேலை செய்கிறது என்றால் அது எனக்குப் பெரிய தொகை இல்லை. வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

நிறுத்தினேன். இந்தப் பாக்டீரியாக்கள் குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. நிறுத்திய சில நாட்களிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் பெரும்பாலும் மலத்தில் காணாமல் போய்விடும். ஆகவே பலன் மருந்தினால்தான் என்றால், கொஞ்ச நாள் கழித்து வயிறு பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். வந்த எண்கள்: 195, 200, 240, 255. பாடப்புத்தகத்தில் போடலாம் போல் இருந்தது. இரண்டு கட்டம் கழித்துச் சரியாக ஏறுகிறது. இங்கேயே முடித்திருந்தால் நான் இன்றைக்கு ஒரு ஆயுள் சந்தாதாரர்.

ஆனால் 'மற்றவை' பத்தியில், 240 வந்த கட்டத்தில் மதுரையில் மச்சினன் கல்யாணம், மூன்று நாள் பந்தி. 255இல் நான்கு இரவு ரிலீஸ். ஏறியது மருந்து இல்லாததாலா, கல்யாணத்தாலா? ஒரு சுற்றை வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது. எனக்கே தெரியாமல் மருந்தையும் வெறும் கேப்ஸ்யூலையும் மாற்றி மாற்றிக் கொடுக்க முடியுமா என்றும் யோசித்தோம். மனைவி தயார்தான். ஆனால் கேப்ஸ்யூலைப் பிரித்து வேறு கூட்டில் அடைத்தால் உள்ளே ஈரம் போகும், பார்ப்பதற்கு அதே மாதிரி காலிக் கூடும் கிடைக்கவில்லை. அதை விட்டுவிட்டு இன்னொரு சுற்று ஓட்டினேன்.

இரண்டாம் தடவை மருந்தோடு: 230, 200, 205, 185. சராசரி 205, வலி நாட்கள் பதினாறு. பிறகு நிறுத்தி நாற்பது நாள், இந்தத் தடவை கல்யாணமும் இல்லை, பெரிய ரிலீஸும் இல்லை: 190, 210, 195, 205. சராசரி 200. வலி பதினைந்து நாள்.

திரும்பவே இல்லை. மருந்து இருந்தபோது 205, இல்லாதபோது 200. அந்த ஐந்து புள்ளி ஒன்றுமே இல்லை, என் வயிற்றின் சொந்த ஆட்டம் அதைப்போலப் பன்னிரண்டு மடங்கு.

அப்படியென்றால் 260இலிருந்து 200க்கு யார் இறக்கினார்கள்? தாளை மறுபடி பார்த்தபோது ஒரு பத்தி மட்டும் மருந்தைக் கண்டுகொள்ளாமல் ஒரே திசையில் போயிருந்தது. முதல் நாற்பது நாளில் தினம் மூன்று காபி, சில நாள் நான்கு. கடைசி நாற்பதில் பெரும்பாலும் இரண்டு. குறைக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்ததே இல்லை. ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு கோடு போட வேண்டியிருந்தது, கோடு போடுகிற சோம்பேறித்தனத்தில் குறைந்திருக்கலாம். காபி பெருங்குடலை முடுக்கும் என்பது தெரிந்த விஷயம். அதனால்தான் இறங்கியது என்று இந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. ஐ.பி.எஸ். மாதக்கணக்கில் தானாகவே தணிவதும் உண்டு. 299வி யாருக்குமே வேலை செய்யாது என்றும் இது சொல்லவில்லை. ஒரு ஆள், இரண்டு சுற்று, கண்ணைக் கட்டாத சோதனை.

மருத்துவரிடம் தாளைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். "முதல் நாற்பதோட வந்திருந்தா நானே கன்டினியூ பண்ணச் சொல்லியிருப்பேன்" என்று சிரித்தார். கீமோதெரபி எடுக்கிறவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், ரத்தக் குழாயில் டியூப் வைத்திருப்பவர்கள் இப்படிச் சொந்தமாகப் பரிசோதனை செய்யக் கூடாது, அவர்களுக்கு இந்தப் பாக்டீரியாவே ரத்தத்தில் இறங்கிவிடலாம் என்று, எழுதுகிறவன் என்பதால் சேர்த்துச் சொன்னார். மருந்துச் சீட்டில் மெபெவெரினை மட்டும் விட்டு வைத்தார்.

"அப்போ அந்த மாத்திரை வேலை செஞ்சுதா, இல்லையா?" என்று மனைவி கேட்டாள்.

"முதல் தடவை செஞ்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது தடவை அது இல்லாமலே அதே மாதிரி இருந்துச்சு."

"ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"வாங்க வேண்டாம்" என்றேன். ஃப்ரிட்ஜில் இன்னும் பத்து கேப்ஸ்யூல் இருக்கிறது, ஜனவரியில் காலாவதி. அதற்குள் தொடர்ந்து இரண்டு கட்டம் 250ஐத் தாண்டினால் மறுபடி ஆரம்பிப்பது என்று தாளின் கீழே எழுதி வைத்திருக்கிறேன். போன பத்து நாள் 205.